மறைத்து வைத்த விஷயம் எல்லார் முன்னாலும் வெளிப்பட்டுவிடும் கனவு: டெல்லியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்குத் தெரியாத ஒரு விஷயம் ஊருக்கே தெரிஞ்சுபோற மாதிரி அடிக்கடி கனவு வருது. இது எதுக்கு அறிகுறி?

எது நடக்கப் போகிறது என்பதற்கு இது அறிகுறி இல்லை. மனத்தில் ஒரு விஷயத்தை ஓயாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டுகிறது.

ரகசியங்களைப் பற்றி நிறைய ஆய்வு செய்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன். அவர் குழு 2017இல் வெளியிட்ட முடிவு இது: ஒருவரிடம் பேசும்போது ரகசியத்தை மறைக்க வேண்டிய தருணங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. தனியாக இருக்கும்போது மனம் தானாக அந்த ரகசியத்திடம் போய் நிற்கும் தருணங்கள்தாம் அதிகம், ஆளைச் சோர வைப்பவையும் அவையே. டெல்லியில் தனி அறையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இப்படிப்பட்ட நேரம் நிறையவே கிடைக்கிறது. வீட்டுக்குப் பேசுவது ஒரு நாளில் 10 நிமிடம் என்றால், மீதி நேரமெல்லாம் அதைச் சுமப்பதுதான். பகலில் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தது ராத்திரியில் காட்சியாக வருகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பரீட்சையில் தேறாததையோ, படிப்பை விட்டதையோ ஊரில் சொல்லாமல் இருப்பவருக்கு வரும் கனவு அது. மற்ற ரகசியங்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

அதைப் பத்தி நினைக்கவே கூடாதுன்னு உறுதியா இருக்கேன். அப்படியும் ஏன் வருது?

உறுதியாக இருப்பதால்தான். டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் மனத்தில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. 2004இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதைத் தூக்கத்துக்கு நீட்டித்தார்கள். தங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனத்தில் தேர்ந்துகொண்டு, படுக்கும் முன் 5 நிமிடம் அவரை நினைக்காமல் இருக்கப் பார்த்தவர்களுக்கு, அவரைப் பற்றிய கனவு கூடுதலாக வந்தது.

காரணம் எளிது. ஒன்றை நினைக்கக் கூடாது என்றால், அது உள்ளே வந்துவிட்டதா என்று மனத்தின் ஒரு மூலை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் அடக்கும் பகுதி விழிப்போடு இருப்பதால் சமாளித்துவிடுகிறோம். தூக்கத்தில் அடக்குபவர் ஓய்வெடுக்கிறார், தேடுபவர் ஓய்வெடுப்பதில்லை.

ஆகவே படுக்கையில் கிடந்து ‘அதை நினைக்காதே’ என்று சொல்லிக்கொள்வதை விடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் காகிதத்தில் எழுதுங்கள். எப்போது நடந்தது, யாருக்குத் தெரியும், அடுத்து எந்தத் தேதியில் என்ன வரும் என்பது போதும். எழுதியதைப் படிக்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். அறைத்தோழர் கண்ணில் படும் என்று பயமிருந்தால் கிழித்துப் போடலாம். பலன் எழுதுவதில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

விடியக்காலைக் கனவு பலிக்கும்னு பாட்டி சொல்வாங்க. எனக்கு அஞ்சு மணிக்குத்தான் வருது.

எல்லாருக்கும் அப்போதுதான் வரும். விறுவிறுப்பான கனவுகள் பெரும்பாலும் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் உறக்கநிலையில் வருகின்றன. 1953இல் அசெரின்ஸ்கி, க்ளைட்மன் இருவரும் இதை அறிவித்தார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்த நிலை வந்து போகும். முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும், விடியும் நேரத்தில் அரை மணியைத் தொடலாம். அதிலிருந்து நேராக விழித்துக்கொள்வதால் கனவு நினைவிலும் தங்குகிறது. பாட்டி கவனித்தது சரிதான், விடியற்காலைக் கனவுக்கு அழுத்தம் அதிகம். பலிப்பது என்பது வேறு சங்கதி.

இதில் படிப்பவர்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க நாலரை மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிறு காலை பத்து மணி வரை படுத்தால், இழந்த கனவு உறக்கத்தை உடம்பு மொத்தமாக ஈடுகட்டப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுங்கனவு வருகிறது என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்தாலே சிலருக்குப் பாதி குறைந்துவிடும்.

கனவுதான்னு தெரியுது. ஆனா எழுந்த பிறகும் ஒரு மணி நேரம் முகம் காந்துது. வெட்கம் ஏன் இவ்வளவு நிஜமா இருக்கு?

அந்த உறக்கநிலையில் மூளையில் பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. ‘இது எப்படி நடக்கும்?’ என்று குறுக்குக் கேள்வி கேட்கும் முன்நெற்றிப் பகுதி மந்தமாக இருக்கிறது. அதனால்தான் எட்டாம் வகுப்பு வாத்தியாரும் கரோல் பாக் மெஸ்காரரும் ஒரே படிக்கட்டில் நிற்பது கனவில் விசித்திரமாகத் தெரிவதில்லை. காட்சி பொய் என்றாலும் உணர்ச்சி உண்மையாகவே சுரந்தது, வடிய நேரமெடுக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றவுணர்வு என்பது ‘நான் செய்தது தப்பு’. வெட்கம் என்பது ‘நானே தப்பு’. முதலாவதுக்கு ஒரு காரியம் செய்து தீர்வு காண முடியும்: மன்னிப்புக் கேட்கலாம், பணத்தைத் திருப்பலாம். இரண்டாவதுக்கு ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. ரகசியத்தின் மேல் வெட்கப்படுபவர்களின் மனம்தான் அதைச் சுற்றி அதிகம் அலைகிறது, குற்றவுணர்வுக்கு அந்த இழுப்பு இல்லை என்று ஸ்லெபியன் குழு பின்னர் கண்டது. எழுந்ததும் வாய்க்கு வருவது ‘ஐயோ, அப்பா காசு’ என்றா, ‘ஐயோ, என்னைப் பார்த்துட்டாங்க’ என்றா என்று கவனியுங்கள்.

எனக்கு மறைக்க எதுவுமே இல்ல. எனக்கும் இந்தக் கனவு வருதே?

வரலாம். தகுதிக்கு மீறிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோமோ என்ற உறுத்தலுக்கும் இதே காட்சி போதும். பிறருடைய ரகசியத்தைச் சுமப்பவர்களுக்கும் வருகிறது. அக்காவின் காதல், நண்பனின் கடன் என்று நீங்கள் காப்பாற்றுவதாகக் கொடுத்த வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். மாதம் ஒருமுறை வந்து போனால் விட்டுவிடுங்கள்.

எழுந்ததும் மறந்துபோகுது, பயம் மட்டும் நிக்குது. எப்படி எழுதி வைக்கிறது?

விழித்ததும் புரண்டு படுக்காதீர்கள். கண்ணை மூடியபடி கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். நாலைந்து சொல் கிடைத்ததும் தலைமாட்டில் இருக்கும் காகிதத்தில் கிறுக்குங்கள். செல்போனை எடுத்தால் வாட்ஸ்ஆப் கண்ணில் படும், அத்துடன் கனவு போய்விடும்.

முழுதாக எழுதுவதைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். நிகழ்காலத்தில் எழுதுங்கள், ‘நிற்கிறேன், கேட்கிறது’ என்பதுபோல. மூன்று விவரங்கள் தவறாமல் வேண்டும். ரகசியம் எந்த வழியாக வெளிப்பட்டது? பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? உங்கள் உடம்பு சூடேறிய அந்தத் துல்லியமான நொடி எது? இவற்றில் மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலைக்கு ஆவது அதுதான்.

இரண்டாவதிலும் சுவாரசியம் உண்டு. உடையில்லாமல் கூட்டத்தில் நிற்கும் கனவைப் பற்றி ஃப்ராய்டு எழுதியபோது, கனவு காண்பவர் வெட்கத்தில் சாகிறார், சுற்றியிருப்பவர்களோ கண்டுகொள்வதே இல்லை என்று குறிப்பிட்டார். ரகசியம் உடையும் கனவில் பலர் இதற்கு நேர்மாறாக, எல்லாரும் திரும்பிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால், உண்மையில் திரும்பிப் பார்த்தது ஒரே ஒருவர் என்று தெரியவரும். யார் அவர் என்பதுதான் கனவின் விலாசம்.

கனவை மாத்தி எழுதினா நின்னுடும்னு சொல்றாங்க. எப்படிச் செய்யணும்?

காட்சி ஒத்திகை என்பது இந்த முறை. பேரி க்ரேக்கோ குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைப் பரிசோதித்து 2001இல் வெளியிட்டார்கள், அவர்களுடைய கொடுங்கனவுகள் குறைந்தன. செய்ய வேண்டியது மூன்றே காரியம்: கனவை எழுதுவது, விருப்பப்படி மாற்றி எழுதுவது, மாற்றியதை விழித்திருக்கும்போது தினமும் 10 முதல் 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பழைய கனவை ஓட்டக் கூடாது.

ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். 26 வயது, சொந்த ஊர் விருதுநகர், ஓல்ட் ராஜிந்தர் நகரில் அறை. சிவில் சர்வீஸ் பரீட்சையின் முதல் கட்டமான ப்ரிலிம்ஸில் தேறவில்லை. வீட்டில் ‘அடுத்த கட்டமான மெயின்ஸுக்குப் படிக்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறார், அப்பா மாதம் 18,000 அனுப்புகிறார். வாரத்தில் நாலு நாள் வரும் கனவு இது:

‘ஆர்.கே. புரம் மலை மந்திர். சஷ்டிக் கூட்டம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் வாசிக்கும் மைக்கில் என் ரோல் நம்பர் கேட்கிறது. அடுத்து, தேறவில்லை, என்கிறது. படிக்கட்டு முழுக்கத் தெரிந்த முகம். அத்தை, மெஸ் அண்ணன், எட்டாம் வகுப்பு வாத்தியார். பேச வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்.’

உடம்பு சூடேறியது எங்கே? மைக்கில் இல்லை, அப்பா குனிந்த இடத்தில். ஆக, படிக்கட்டில் நின்ற ஊரெல்லாம் பக்கமேளம்தான். இவர் அஞ்சுவது அப்பா திட்டுவதற்கு அல்ல, அவர் தலை குனிவதற்கு. இன்னொரு சிறு விவரமும் கவனிக்கத் தக்கது. நிஜத்தில் ப்ரிலிம்ஸ் பட்டியலில் தேறியவர் எண்கள் மட்டுமே இருக்கும். தோற்றவரை யாரும் வாசிப்பதில்லை. கனவு அப்படி ஒரு பட்டியலைப் புதிதாகத் தயாரித்திருக்கிறது.

இனி மாற்ற வேண்டும். பலரும் முதலில் எழுதுவது, மைக் கெட்டுப்போகிறது, யாருக்கும் கேட்கவில்லை என்று. எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் விதி. இருந்தாலும் வெட்கக் கனவில் இந்த மாற்றத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது மறைப்பதற்கே இன்னொரு ஒத்திகை, தினமும் 10 நிமிடம் காவலை இறுக்கியதுதான் மிச்சமாகும். ரகசியம் உடையட்டும், உடைந்த பிறகு நடப்பதை மாற்றுங்கள். அவர் எழுதக்கூடியது:

‘மைக்கில் என் எண், தேறவில்லை. குரல் அடுத்த பெயருக்குப் போகிறது: ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. நான் நாலு படி ஏறி அப்பா பக்கத்தில் உட்காருகிறேன். கல் வெயிலில் சூடாக இருக்கிறது. “ப்ரிலிம்ஸ் தேறலப்பா. ரிசல்ட் வந்த அன்னைக்கே தெரியும்” என்கிறேன். அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. கூட்டம் பிரசாத வரிசைக்கு நகர்கிறது. என் கையில் தொன்னை, அதில் பொங்கல், விரலைச் சுடுகிறது.’

இதில் அப்பா கட்டிப்பிடித்து அழவில்லை என்பதைப் பாருங்கள். நம்ப முடியாத முடிவை மனம் ஏற்காது. சூடான கல், விரலைச் சுடும் பொங்கல் போன்ற தொட்டுணரும் விவரம் குறைந்தது இரண்டு இருந்தால்தான் காட்சி மனத்தில் ஓடும். மைக் அடுத்த பெயருக்குப் போவதும் வெறும் ஆறுதல் இல்லை. சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டுடன் ஓர் அறைக்குள் போனவர்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிதான். தாமஸ் கிலோவிச் குழு 2000இல் வெளியிட்ட சோதனை இது.

ஒத்திகையை மாலையில், நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். கூடவே காலண்டரில் இரண்டு எண் குறித்து வாருங்கள்: கனவு வந்த நாள் எத்தனை, எழுந்தபோது வெட்கம் பத்துக்கு எத்தனை. பெரும்பாலும் இரண்டாவது எண்தான் முதலில் இறங்கும். வாரம் நாலு நாள் என்பது அப்படியே இருந்து, வெட்கம் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் வேலை நடக்கிறது என்று பொருள்.

ரெண்டு வாரமா செய்றேன். குறையவே இல்ல.

வழக்கமாக இடறும் இடம் மூன்று. ஒன்று, புதிய காட்சிக்குப் போகும் முன் பழையதை முழுக்க ஓட்டிப் பார்ப்பது. ‘மைக்கில் என் எண்’ என்ற ஒரு வரியோடு மாற்றம் தொடங்கிவிட வேண்டும். இரண்டு, தினமும் கதையை மாற்றுவது. ஒரே காட்சியைக் குறைந்தது ஒரு வாரம் வைத்திருங்கள். மூன்று, படுக்கையில் செய்வது. பாதியில் தூக்கம் வந்து, கதை பழைய வழியிலேயே முடிந்துவிடும்.

புதிய காட்சியை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் நீங்கள் எடுத்த கனவு கனமானது. அதை ஒதுக்கிவிட்டு, வெட்கம் பத்துக்கு நாலு உள்ள சின்னக் கனவு ஒன்றில் பழகுங்கள்.

தூக்கத்துல உளறி ரூம்மேட்டுக்குத் தெரிஞ்சுடுமோ?

உளறுவது சகஜம். ஆனால் வருவதில் பெரும்பகுதி முனகல், முணுமுணுப்பு, பாதிச் சொல்தான். ‘அப்பாவிடம் பொய் சொன்னேன்’ என்று எழுவாய் பயனிலையோடு வாக்குமூலம் கொடுப்பது அரிது. உறுத்தினால் பகலில் சாதாரணமாக, “நான் தூக்கத்துல சத்தம் போடுறேனாடா?” என்று கேட்டுவிடுங்கள்.

பேசாம வீட்ல சொல்லிடலாமா? கனவு அதைத்தான் சொல்லுதோ?

கனவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், காலை ஐந்து மணிக்குச் செய்யவே செய்யாதீர்கள். வெட்கம் உச்சத்தில் இருக்கும்போது போன் போட்டால், சொல்வது விஷயமாக இருக்காது, தன்னைத் தானே திட்டிக்கொள்வதாக இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் பயந்துபோவார்.

பகலில் ஒரு கேள்வி போதும்: நான் மறைப்பதால் வேறொருவர் தப்பான முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறாரா? நம் உதாரணத்தில் ஆம், அப்பா மெயின்ஸ் என்று நம்பி மாதம் 18,000 அனுப்புகிறார். ஆகவே அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். யாருக்கும் எந்தச் செலவும் முடிவும் இல்லாத பழைய ரகசியம் என்றால் வீட்டில் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை.

சொல்வதானால் முதலில் அப்பாவிடம் வேண்டாம். விஷயத்தால் நேரடியாக அடிபடாத ஒருவர் வேண்டும், அண்ணனோ, சித்தப்பாவோ, முன்பே இதே பரீட்சையில் போய்வந்த சீனியரோ. அதிர்ச்சி அடையாதவராக, அதேசமயம் ‘சரி, என்னைக்குச் சொல்லப்போற?’ என்று கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். ‘ஐயோ பாவம்’ மட்டும் சொல்பவர் இந்த இடத்துக்குத் தோதில்லை. அவரிடம் சொன்ன பிறகு வீட்டுக்கான வாக்கியத்தை எழுதுங்கள், மூன்று வரிக்குமேல் போகக் கூடாது: நடந்தது, எப்போதிலிருந்து மறைத்தேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன். ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று நாலாவது வரி வந்தால் அடித்துவிடுங்கள். அது வெட்கம் பேசுவது.

யாராவது படத்தையோ செய்தியையோ வெளியிடுவேன் என்று மிரட்டுவதால் கனவு வருகிறது என்றால், கனவில் நேரம் செலவழிக்காதீர்கள். ஆதாரத்தை அழிக்காமல் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். படபடப்புக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ ப்ராப்ரனலால் எடுப்பவர்களுக்குக் கனவு முரட்டுத்தனமாக வருவதுண்டு. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும், தினமும் குடித்ததையோ கஞ்சாவையோ விட்டாலும் அப்படித்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் கனவைச் சொல்லுங்கள்.

கனவில் வருவது உண்மையில் உங்களுக்கு நடந்த வன்முறை என்றால், தூங்கவே பயந்து விழித்திருக்கிறீர்கள் என்றால், தூக்கத்தில் எழுந்து கையைக் காலை அடித்துக்கொள்கிறீர்கள் என்றால், ஒத்திகையைத் தனியாகச் செய்ய வேண்டாம். எய்ம்ஸிலும் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. ‘எல்லாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி செத்துடலாம்’ என்ற நினைப்பு பகலிலும் வந்தால் அன்றே டெலி மானஸ் 14416 எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அழைத்ததும் ‘எனக்குத் தமிழ்ல பேசணும்’ என்று சொல்லிவிடுங்கள், இந்தியில் தடுமாற வேண்டியதில்லை.